பிறந்த தேதிக்குள் ஒரு மரம்

ஒரு தாளை எடுத்து உங்கள் பிறந்த தேதியை எட்டு இலக்கமாக எழுதுங்கள். நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு நான்கு. 1896 நவம்பர் 10 என்றால் 10111896. இந்த எட்டு இலக்கங்களை வைத்துக்கொண்டு, 0 முதல் 9 வரை பெயரிட்ட பத்துப் புள்ளிகளை ஒன்பது கோடுகளால் இணைத்து ஒரு படம் வரையலாம். அந்தப் படத்தில் எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் போக முடியும். ஆனால் வந்த வழியே திரும்பாமல், சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கு வர முடியாது. உங்கள் தேதிக்கு வரும் படமும் வேறொரு தேதிக்கு வரும் படமும் ஒருபோதும் ஒன்றாக இராது. படத்தை மட்டும் காட்டினால் போதும், நீங்கள் பிறந்த நாளையும் மாதத்தையும் ஆண்டையும் பிசகாமல் சொல்லிவிடலாம்.

மேலே எழுதிய தேதியில் பிறந்தவர் ஹைன்ஸ் ப்ரூஃபர். ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரத்துக்காரர். 1918-இல், இருபதுகளின் தொடக்கத்தில், மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். படத்தை எண்வரிசையாகவும் எண்வரிசையைப் படமாகவும் மாற்றும் இந்த முறை அதில்தான் இருக்கிறது. அவருடைய நோக்கம் படங்களை எண்ணுவது. பத்துப் புள்ளிகளை ஒன்பது கோடுகளால் இணைக்க மொத்தம் எத்தனை வழிகள் உண்டு என்ற கேள்விக்கு, ஒரு படம்கூட வரையாமல் விடை சொல்ல அவருடைய முறை போதும். விடை சரியாகப் பத்துக் கோடி.

ஊர்களும் தண்டவாளங்களும்

ப்ரூஃபர் தன் கட்டுரையில் ரயில் பாதையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். நாமும் அப்படியே எடுத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் சில ஊர்கள். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் ரயிலில் போக முடிய வேண்டும். பாதை போடச் செலவாகும் என்பதால் மிகக் குறைந்த பாதைகளே வேண்டும். ஒரு பாதை என்பது இரண்டு ஊர்களை நேராக இணைப்பது.

குறைந்தது எத்தனை பாதை வேண்டும்? ஓர் ஊரில் தொடங்குங்கள். ஒவ்வொரு பாதையும் புதிதாக ஓர் ஊரைச் சேர்த்துக்கொண்டு வரும். பத்து ஊர் என்றால், முதல் ஊரைத் தவிர மற்ற ஒன்பதுக்கும் ஒவ்வொரு பாதை. ஆக ஒன்பது. அதற்கு மேல் ஒரு பாதை போட்டாலும் எங்கோ ஒரு வட்டம் உண்டாகிவிடும். ஒன்றைப் பிடுங்கினாலும் நாடு இரண்டு துண்டாகிவிடும். இப்படி, வட்டம் இல்லாமலும் துண்டுபடாமலும் அமைந்த இணைப்பைக் கணிதத்தில் 'மரம்' என்கிறார்கள். கிளைகள் பிரியும், மறுபடி ஒட்டாது. பெயர் அதனால் வந்தது.

ஒரே ஒரு பாதை மட்டும் வந்து முடிகிற ஊரைக் கணிதக்காரர்கள் மரத்தின் 'இலை' என்பார்கள். ரயில் அதற்கு மேல் போகாது, திரும்பத்தான் வேண்டும். நாம் அதை முனை ஊர் என்று சொல்வோம். இரண்டு ஊருக்கு மேல் உள்ள எந்த மரத்திலும் குறைந்தது இரண்டு முனை ஊர்கள் இருக்கும். நடுவில் ஏதோ ஒரு பாதையில் நின்றுகொண்டு, திரும்பாமல் இந்தப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தால் வட்டம் இல்லாததால் ஓர் ஊரில் போய் முட்டி நிற்போம். அந்தப் பக்கமாகப் போனாலும் அப்படியே. இந்தச் சின்ன உண்மை பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

இப்போது எண்ணிப் பார்ப்போம். மூன்று ஊர் என்றால், எந்த ஊர் நடுவில் என்பதுதான் கேள்வி. எனவே மூன்று மரங்கள். நான்கு ஊர் என்றால் இரண்டு வடிவங்கள் உண்டு. நடுவில் ஓர் ஊர், அதைச் சுற்றி மூன்று என்பது ஒன்று. நடு ஊரை நான்கு வகையில் தேர்ந்தெடுக்கலாம். நான்கும் ஒரே வரிசையாக நிற்பது இன்னொன்று. நான்கு ஊரை வரிசைப்படுத்த 24 வழி. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் பாதை ஒன்றுதான் என்பதால் அதில் பாதி, 12. நான்கும் பன்னிரண்டும் சேர்த்து 16.

ஐந்து ஊருக்கு மூன்று வடிவங்கள். நட்சத்திரம் போல நடுவில் ஒன்று: 5 வழி. ஒரே வரிசை: 120-இல் பாதி, 60. மூன்றாவது, ஓர் ஊரிலிருந்து மூன்று பாதை பிரிந்து, அதில் ஒன்று மட்டும் இன்னோர் ஊர் வரை நீள்வது. மூன்று பாதை பிரியும் ஊரை 5 வகையில், நீளும் கையின் இடை ஊரை 4 வகையில், அதன் கடைசி ஊரை 3 வகையில் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் 60. மொத்தம் 125.

3, 16, 125. இவற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 16 என்பது இரண்டு நான்குகளின் பெருக்கல். 125 என்பது மூன்று ஐந்துகளின் பெருக்கல். 3 என்பது ஒரே ஒரு மூன்று. ஊர்களின் எண்ணிக்கையை, அதைவிட இரண்டு குறைவான தடவை பெருக்க வேண்டும். n ஊர் என்றால் n^(n−2).

ஆனால் வடிவம் வடிவமாகப் பிரித்து எண்ணிக்கொண்டு போனால் இந்த ஒழுங்கு ஏன் வருகிறது என்று தெரியாது. 4 + 12 எப்படி 4 × 4 ஆனது? 5 + 60 + 60 எப்படி 5 × 5 × 5 ஆனது? எட்டு ஊருக்கு 23 வடிவங்கள், பத்து ஊருக்கு 106 வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. எங்காவது ஒன்று விட்டுப்போகும், அல்லது இரண்டு தடவை எண்ணப்படும்.

கெய்லியும் அவருக்கு முன்னவரும்

இந்தச் சூத்திரம் இன்று ஆங்கிலேயக் கணிதர் ஆர்தர் கெய்லியின் பெயரால் வழங்குகிறது. 'மரம்' என்ற சொல்லை இந்தப் பொருளில் 1857-இல் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். 1889-இல் மரங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதி இந்த n^(n−2) விடையைச் சொன்னார். ஆறு புள்ளிகளுக்கு 1296 மரங்கள் வருவதை விளக்கிக் காட்டி, மற்ற எண்களுக்கும் இப்படியே என்று முடித்துக்கொண்டார். இதே கணக்கை ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் போர்ஷார்ட் 1860-இலேயே வேறு வழியில் போட்டிருந்தார். கெய்லி அதைத் தன் கட்டுரையில் குறிப்பிடவும் செய்தார். ஆனாலும் பெயர் கெய்லிக்கே நிலைத்துவிட்டது.

விடை தெரிந்திருந்தது. ஆனால் பத்து ஊருக்கு, எட்டுப் பத்துகளின் பெருக்கல் ஏன் வர வேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்கும்படி காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. பெருக்கல் என்றால் என்ன? எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்தில் எந்த எண்ணையும் போடலாம். ஒரு கட்டத்தில் போட்டது மற்றதைக் கட்டுப்படுத்தாது. அப்போதுதான் பத்தை எட்டுத் தடவை பெருக்குகிறோம். அப்படியானால் ஒவ்வொரு மரத்துக்குள்ளும் இந்த எட்டுக் கட்டங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன? ப்ரூஃபர் கண்டுபிடித்தது அந்தக் கட்டங்களைத்தான்.

கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று அறியத் தலைகளை எண்ண வேண்டியதில்லை. ஆளுக்கு ஓர் இலை, இலைக்கு ஓர் ஆள் என்பது உறுதியானால் போட்ட இலைகளை எண்ணினால் போதும். ப்ரூஃபர் செய்ததும் அதுதான். எண்ணுவதற்குச் சிரமமான மரங்களை, எண்ணுவதற்கு எளிதான எண்வரிசைகளின் முன்னால் உட்கார வைத்தார். இரண்டு மரம் ஒரே வரிசையின் முன் உட்காரவில்லை, எந்த வரிசையும் காலியாக இல்லை என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மரத்தை எண்ணாக எழுதுவது

எட்டு ஊர்கள், 1 முதல் 8 வரை. ஏழு பாதைகள்: 1-3, 3-5, 3-8, 2-5, 5-7, 4-7, 6-8. தாளில் வரைந்துகொள்ளுங்கள். முனை ஊர்கள் எவை? 1, 2, 4, 6.

விதி ஒன்றே ஒன்று. இருக்கிற முனை ஊர்களில் மிகச் சிறிய எண் கொண்டதை எடு. அது எந்த ஊரோடு இணைந்திருக்கிறதோ, அந்த ஊரின் எண்ணை எழுது. பிறகு அந்த முனை ஊரையும் அதன் பாதையையும் அழித்துவிடு. இரண்டே ஊர் மிஞ்சும் வரை இதையே திரும்பச் செய்.

முதலில் ஊர் 1. அது 3-ஓடு இணைந்திருக்கிறது. 3 என்று எழுதி, 1-ஐ அழிக்கிறோம். அடுத்த சிறிய முனை ஊர் 2. அதன் அண்டை 5. எனவே 5 என்று எழுதி 2-ஐ அழிக்கிறோம். அடுத்து 4. அதன் அண்டை 7 என்பதால் 7 எழுதுகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டும். 4 போனதும் 7-க்கு ஒரே பாதைதான் மிச்சம். இதுவரை வழியில் இருந்த ஊர், இப்போது முனை ஊராகிவிட்டது. எனவே முனை ஊர்கள் 6, 7. சிறியது 6. அதன் அண்டை 8, எழுதுகிறோம். 6 போனதும் 8-உம் முனை ஊராகிறது. 7, 8 இரண்டில் சிறியது 7. அதன் அண்டை 5. எழுதி அழித்ததும் 5 முனை ஊராகிறது. 5, 8 இரண்டில் சிறியது 5. அதன் அண்டை 3. எழுதுகிறோம். மிஞ்சியவை 3, 8. நிறுத்திவிடுகிறோம்.

எழுதிய வரிசை: 3, 5, 7, 8, 5, 3. எட்டு ஊர், ஆறு எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஓர் ஊரை அழித்தபோது எழுதியது; இரண்டு ஊரை அழிக்காமல் விட்டோம். அதனால்தான் எப்போதும் ஊர்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவாக வருகிறது. சூத்திரத்தில் வரும் அந்த 'இரண்டு குறைவு' இங்கேதான் இருக்கிறது.

எண்ணிலிருந்து மரத்துக்கு

இப்போது படத்தை மூடி வையுங்கள். கையில் இருப்பது 3, 5, 7, 8, 5, 3 மட்டும். மரத்தைத் திரும்ப வரைய முடியுமா?

வரிசையில் வராத ஊர்கள் எவை என்று பாருங்கள்: 1, 2, 4, 6. நம் மரத்தின் முனை ஊர்களும் இவையேதான். இது எப்போதும் நடக்கும். காரணம் இப்படி. ஓர் ஊரின் எண்ணை நாம் எப்போது எழுதுகிறோம்? அதன் அண்டை ஊர் ஒன்று அழியும்போது, அதாவது அதன் பாதைகளில் ஒன்று போகும்போது. ஓர் ஊர் தானே அழியும் நேரத்தில் அதற்கு ஒரே பாதைதான் மிஞ்சியிருக்கும். கடைசி வரை அழியாத இரண்டு ஊர்களுக்கும் இடையே மிஞ்சுவது ஒரு பாதைதான். ஆக, எந்த ஊராக இருந்தாலும் தன் பாதைகளில் ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை அதன் பெயர் எழுதப்படுகிறது. மூன்று பாதை உள்ள ஊர் இரண்டு தடவை வரும். ஒரே பாதை உள்ள முனை ஊர் வரவே வராது.

நம் மரத்திலேயே சரிபார்க்கலாம். ஊர் 3-க்கு மூன்று பாதைகள், வரிசையில் இரண்டு தடவை. ஊர் 5-உம் அப்படியே. 7-க்கும் 8-க்கும் இரண்டிரண்டு பாதைகள், ஒவ்வொரு தடவை.

இது தெரிந்தபின் திரும்பி வரும் வழி திறந்துவிடுகிறது. வராத ஊர்களில் சிறியது 1. முதலில் அழிந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். எழுதிய முதல் எண் 3. எனவே 1-3 ஒரு பாதை. 1-ஐயும் முதல் எண்ணையும் அடித்துவிடுங்கள். மிஞ்சிய வரிசை 5, 7, 8, 5, 3. மிஞ்சிய ஊர்களில் இதில் வராதவை 2, 4, 6. சிறியது 2. எனவே 2-5. அடுத்து வரிசை 7, 8, 5, 3. வராதவை 4, 6. எனவே 4-7. இப்போது வரிசை 8, 5, 3. ஊர் 7 இனி வரிசையில் இல்லை. அதனால் அதுவும் வராதவர் பட்டியலில் சேர்கிறது. 6, 7 இரண்டில் சிறியது 6. எனவே 6-8. பிறகு 7-5, 5-3. கடைசியாக மிஞ்சிய 3, 8 இரண்டையும் இணைக்கிறோம். ஏழு பாதைகளும் திரும்பக் கிடைத்துவிட்டன.

ஒவ்வொரு படியிலும் நமக்கு வேறு தேர்வே இல்லை. எனவே ஒரு வரிசைக்கு இரண்டு மரங்கள் இருக்க முடியாது. இலை ஒன்றுக்கு இரண்டு ஆள் இல்லை.

காலி இலை உண்டா? மனம்போன போக்கில் ஆறு எண்களை எழுதினால் அதற்கும் மரம் கிடைக்குமா? கிடைக்கும். வரிசை நீளத்தைவிட ஊர்கள் எப்போதும் இரண்டு அதிகம். எனவே வராத ஊர் ஒன்றாவது எப்போதும் இருக்கும். எந்தப் படியிலும் சிக்கிக்கொள்ள மாட்டோம். அதோடு, அழியும் ஊரை இன்னும் அழியாத ஓர் ஊரோடுதான் இணைக்கிறோம். இதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். முதலில் இரண்டு ஊர் ஒரு பாதையில் இணைந்திருக்கின்றன. பின்னோக்கி ஒவ்வொரு படிக்கும் புதிய ஊர் ஒன்று, ஏற்கெனவே இணைந்திருக்கும் கூட்டத்தில் வந்து ஒட்டுகிறது. துண்டாக இருக்க வழியில்லை, வட்டம் உண்டாகவும் வழியில்லை. வருவது மரமேதான். அந்த மரத்தை மறுபடி எழுதினால் அதே வரிசை வரும்.

எனவே எட்டு ஊருக்கு மரங்கள் எத்தனை? ஆறு கட்டம், ஒவ்வொன்றிலும் எட்டில் ஏதோ ஒன்று. எட்டை ஆறு தடவை பெருக்கினால் 2,62,144. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண்வரிசை இருப்பதால், மரம் ஒன்றையும் வரையாமல் எண்ணி முடித்துவிட்டோம்.

அந்தத் தேதிக்குள் இருக்கும் மரம்

இனி 10111896-க்கு வருவோம். ஊர்களுக்கு 0 முதல் 9 வரை பெயர். பத்து ஊர், எட்டு இலக்கம், கச்சிதமாகப் பொருந்துகிறது. 00000000 முதல் 99999999 வரை உள்ள பத்துக் கோடி எண்களில் ஒவ்வொன்றும் ஒரு மரம். பத்து ஊர் மரங்களும் அவ்வளவுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

வரிசை 1, 0, 1, 1, 1, 8, 9, 6. இதில் வராதவை 2, 3, 4, 5, 7. மேலே சொன்ன விதிப்படி ஒவ்வொன்றாக இணைத்தால்:

2-1
3-0
0-1
4-1
5-1
1-8
7-9
8-6
கடைசியாக 6-9

மூன்றாவது படியைக் கவனியுங்கள். இரண்டாவது படியில் 0-ஐப் பயன்படுத்தியதும் மீதி வரிசையில் 0 இல்லை. எனவே அதுவே மிகச் சிறிய வராத ஊராகி, உடனே தன் முறைக்கு வந்து 1-ஓடு இணைகிறது. வரைந்து பார்த்தால் ஊர் 1 ஒரு பெரிய சந்திப்பு. அதிலிருந்து 2, 4, 5, 0, 8 என்று ஐந்து பாதைகள் பிரிகின்றன. 0-க்கு அப்பால் 3. 8-க்கு அப்பால் 6, 9, 7 என்று ஒரே நீண்ட கிளை. தேதியில் 1 நான்கு தடவை வந்திருக்கிறது. ஊர் 1-க்கு ஐந்து பாதைகள். படம் வரைவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்கலாம்.

இலக்கங்களைப் பார்த்தே மரத்தின் தோற்றத்தைச் சொல்வது ஒரு தனிச் சுகம். 22222222 என்றால், ஊர் 2-லிருந்து ஒன்பது பாதைகள் பிரியும் நட்சத்திரம். எட்டு இலக்கமும் வெவ்வேறாக இருந்தால் எந்த ஊருக்கும் இரண்டுக்கு மேல் பாதை இல்லை. பத்து ஊரும் ஒரே வரிசையாக நிற்கும். எட்டு வெவ்வேறு இலக்கங்களை 18,14,400 வகையில் எழுதலாம். எனவே ஒற்றை வரிசை மரங்களும் அத்தனையே. நட்சத்திரங்களோ பத்தே பத்து.

இன்னொரு கேள்வி. பத்துக் கோடி மரங்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஊர் 7 அதில் முனை ஊராக இருக்க எவ்வளவு வாய்ப்பு? முனை ஊர் என்றால் வரிசையில் 7 வரக் கூடாது. எட்டுக் கட்டத்திலும் மற்ற ஒன்பது எண்களில் ஒன்று. ஒன்பதை எட்டுத் தடவை பெருக்கினால் 4,30,46,721. நூற்றுக்கு 43. எந்த ஊருக்கும் இதே கணக்குதான். எனவே பத்து ஊர் மரத்தில் சராசரியாக நான்குக்குச் சற்று மேற்பட்ட ஊர்கள் முனை ஊர்கள். நூறு ஊர் என்றால் நூற்றுக்கு 37 ஆகக் குறையும். ஊர்களை எவ்வளவு கூட்டினாலும் இந்த வாய்ப்பு 36.7-க்குக் கீழே போகாது.

தவறும் இடங்கள்

முதன்முதலில் செய்து பார்க்கிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, அண்டை ஊரை எழுதுவதற்குப் பதிலாக, அழிக்கிற ஊரையே எழுதிவிடுவது. இயல்பாகத் தோன்றுவதும் அதுதான். ஆனால் அப்படி எழுதினால் கணக்கு கெட்டுவிடும். நான்கு ஊர்களில் 3-ஐ நடுவில் வைத்த நட்சத்திரத்தை எடுங்கள். அழிவது 1, பிறகு 2. 4-ஐ நடுவில் வைத்த நட்சத்திரத்தையும் எடுங்கள். அதிலும் 1, பிறகு 2. இரண்டு வேறு மரங்கள், ஒரே வரிசை. ஓர் இலையில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். எவர் அழிகிறார் என்பதை வரிசையே பின்னால் சொல்லிவிடும். எவரிடமிருந்து பிரிகிறார் என்பதைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, திரும்ப வரையும்போது வராதவர் பட்டியலை ஒரு தடவை எழுதிவிட்டு அதையே வைத்துக்கொள்வது. நம் தேதியில் முதலில் வராதவை ஐந்து ஊர்கள்தான். செய்ய வேண்டிய படிகளோ எட்டு. பட்டியல் நடுவிலேயே தீர்ந்துபோனால், வரிசையிலிருந்து தீர்ந்த ஊர்களைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள். சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் வரைந்த பாதைகளை எண்ணுங்கள். வரிசையில் அது வந்த தடவையைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். ஓர் ஊரில் ஒத்துவராவிட்டாலும் எங்கோ பிழை.

முறையின் எல்லைகள்

மரத்தைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்களில் இந்த முறை நன்றாக உதவும். வலைப்பின்னல்களைச் சோதிக்கிறவர்களுக்கு எல்லா மரத்துக்கும் சம வாய்ப்பு உள்ள குலுக்கல் தேவைப்படும். ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்கெனவே இருப்பதில் ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டே போனால் போதாதா என்று தோன்றும். மூன்று ஊருக்குச் செய்து பாருங்கள். முதலில் 1-2. பிறகு 3-ஐ இவற்றில் ஒன்றோடு ஒட்டுகிறோம். 3 நடுவில் இருக்கும் மரம் ஒருபோதும் வராது. வரிசையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் குலுக்கிப் போட்டு மரமாக மாற்றினால் இந்த ஓரவஞ்சனை இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. எந்த இரண்டு ஊருக்கு இடையிலும் பாதை போடலாம் என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. நடுவில் மலையோ ஆறோ இருந்து சில பாதைகளைப் போட முடியாது என்றால், எழுதுகிற வரிசைகளில் எவை செல்லும், எவை செல்லாது என்று முறை சொல்லாது. அதற்கு, மின்சுற்றுகளை ஆராய்ந்த கிர்க்காஃப் 1847-இல் அடித்தளமிட்ட வேறொரு கணக்கு இருக்கிறது. ஊர்களுக்குப் பெயரில்லாமல் வடிவத்தை மட்டும் எண்ண வேண்டும் என்றாலும் இது உதவாது. பத்து ஊருக்குப் பெயரோடு பத்துக் கோடி மரங்கள், பெயரை எடுத்துவிட்டால் 106 வடிவங்கள். அந்த 106-ஐத் தரும் எளிய பெருக்கல் எதுவும் இல்லை.

மூன்றாவது எல்லை நுட்பமானது. நம் எட்டு ஊர் வரிசையில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுவோம். 3, 5, 7, 8, 5, 3 என்பதை 3, 5, 1, 8, 5, 3 ஆக்குவோம். திரும்ப வரைந்தால் பாதைகள் 2-3, 4-5, 6-1, 1-8, 7-5, 5-3, 3-8. பழைய ஏழில் மூன்றுதான் மிஞ்சின, நான்கு மாறிவிட்டன. 1 என்ற எண் உள்ளே வந்ததும் வராதவர் பட்டியலில் எல்லோரும் ஓரிடம் நகர்ந்ததுதான் காரணம். எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திச் செலவு குறைந்த வலைப்பின்னலைத் தேடும் கணினி நிரல்களில் ப்ரூஃபர் வரிசையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். எண்ணில் சிறு மாற்றம் மரத்தில் பெரும் மாற்றமாவதால், அந்த வேலைக்கு இது தகாது என்று 2001-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எண்ணுவதற்காக உண்டான முறை. எண்ணுவதில்தான் அதற்குப் பிசகே இல்லை.

ப்ரூஃபர் பின்னாளில் முன்ஸ்டர் நகரில் பேராசிரியரானார். இயற்கணிதத்திலும் அவர் பெயரைத் தாங்கிய கருத்துகள் இருக்கின்றன. 1934-இல், 37 வயதில் காலமானார். அவருடைய மூன்று பக்கத்தைப் புரிந்துகொள்ளப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

இப்போது தொடக்கத்தில் எழுதிய உங்கள் தேதிக்கு வாருங்கள். பத்துப் புள்ளிகளை வைத்து வரையுங்கள். வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், படத்தை மட்டும் கொடுத்துத் தேதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்துக் கோடி மரங்களில் அந்தத் தேதிக்கு உரியது அது ஒன்றே.